இரண்டு மேசைகளுக்கும் ஒரே அளவுகோல்

வங்கி ஒன்றின் உள்ளே இரண்டு பிரிவுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கிறது. மற்றொன்று பத்திரங்களையும் அந்நியச் செலாவணியையும் வாங்கி விற்கிறது. டீலிங் ரூம் என்பார்கள். ஆண்டு முடிவில் செலவு போகக் கடன் பிரிவு 1.8 கோடி டாலரும், வர்த்தகப் பிரிவு 2.6 கோடி டாலரும் கொண்டுவந்திருக்கின்றன. அடுத்த ஆண்டு எந்தப் பிரிவுக்குக் கூடுதல் பணம் ஒதுக்குவது? இலாபத்தை மட்டும் பார்த்தால் வர்த்தகப் பிரிவுக்குத்தான். ஆனால் அந்த இலாபத்துக்காக வங்கியின் சொந்தப் பணத்தில் எவ்வளவு ஆபத்தில் நின்றது என்பது அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் பேங்கர்ஸ் டிரஸ்ட் வங்கி இந்தக் கேள்விக்கு ஒரு வழி கண்டது. பின்னாளில் அதன் தலைவரான சார்லஸ் சான்ஃபோர்ட் அந்த முறைக்குப் பின்பலமாக இருந்தார். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ராராக் என்று அழைக்கப்படும் அந்த முறையில், ஒரு பிரிவின் இலாபத்தை அதன் ஆபத்தைத் தாங்கத் தேவையான மூலதனத்தால் வகுக்கிறார்கள். கட்டடத்துக்கும் கணினிக்கும் போட்ட முதலீடு இங்கே மூலதனம் ஆகாது. மிக மோசமான ஓர் ஆண்டு வந்தாலும் வைப்புதாரர்களின் பணத்தில் கை வைக்காமல் இழப்பைத் தாங்கிக்கொள்ள வங்கி தன் கையிருப்பில் எவ்வளவு வைத்திருக்க வேண்டுமோ, அதுதான் இந்த மூலதனம்.

முதலில் கடன் பிரிவு. அது கொடுத்திருக்கும் கடன் 100 கோடி டாலர். வட்டி வரவில் பணம் திரட்டிய செலவும் ஊழியர் செலவும் போக 1.8 கோடி மிஞ்சுகிறது. ஆனால் யாராவது ஒரு சிலர் கடனைத் திருப்ப மாட்டார்கள் என்பது வங்கிக்கு முன்பே தெரியும். பழைய அனுபவத்தின்படி ஆண்டுக்கு 0.6 கோடி போகும் என்று வைப்போம். இதற்கு எதிர்பார்க்கும் இழப்பு என்று பெயர். தொழிலின் அன்றாடச் செலவுகளில் இதுவும் ஒன்று என்பதால் இலாபத்திலிருந்தே கழித்துவிடுகிறார்கள். மிச்சம் 1.2 கோடி. மூலதனம் காப்பது எதிர்பாராத இழப்பை: பொருளாதாரம் சரிந்து பல நிறுவனங்கள் ஒன்றாக விழும் ஆண்டை. ஆயிரம் ஆண்டுகளில் 999 ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க 6 கோடி வேண்டும் என்று கணக்கு சொல்வதாக வைத்துக்கொண்டால், ராராக் 1.2 வகுத்தல் 6, அதாவது 20 சதவீதம்.

இனி வர்த்தகப் பிரிவு. இங்கே ஆபத்தை நாள் கணக்கில் அளப்பது வழக்கம். நூறு நாளில் 99 நாள் இழப்பு 50 லட்சம் டாலரைத் தாண்டாது என்று கணிப்பு சொல்கிறது. இந்த அளவுக்கு வேல்யூ அட் ரிஸ்க் என்று பெயர். சந்தை விலையாட்டம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளரும் என்ற எடுகோளின்படி, பத்து நாளுக்கு இது சுமார் 1.58 கோடியாகும். வங்கிகளுக்கான பாசெல் விதிகள் 1996 முதல் வர்த்தக ஆபத்துக்கு எடுத்துக்கொண்ட அளவும் பத்து நாள், 99 சதவீதம்தான். ஆனால் கட்டுப்பாட்டாளர்கள் அந்தத் தொகையைக் குறைந்தது மூன்றால் பெருக்கச் சொன்னார்கள். பெருக்காமல் அப்படியே மூலதனமாக எடுத்தால் 2.6 வகுத்தல் 1.58, ராராக் 164 சதவீதத்துக்கு மேல். பக்கத்தில் கடன் பிரிவின் 20 சதவீதத்தை வைத்துப் பார்த்தால் கடன் கொடுப்பதையே நிறுத்திவிடலாம் போலத் தோன்றும்.

ஒருவருக்குப் படியாலும் இன்னொருவருக்கு மரக்காலாலும் அளந்ததால் வந்த எண் அது. கடனுக்கு ஓர் ஆண்டு, ஆயிரத்தில் ஒன்று என்ற கடுமையான நிபந்தனை. வர்த்தகத்துக்குப் பத்து நாள், நூறில் ஒன்று. பேங்கர்ஸ் டிரஸ்ட் ஆரம்பத்திலேயே இரண்டுக்கும் ஓர் ஆண்டு, 99 சதவீதம் என்று பொதுவாக வைத்ததுதான் அந்த முறையின் உயிர். நம் கணக்கையும் அப்படிச் சரிசெய்யலாம். ஆண்டில் 250 வர்த்தக நாள். அதன் வர்க்கமூலம் 15.8. அதை 50 லட்சத்தால் பெருக்கினால் 7.9 கோடி. நூறில் ஒன்றிலிருந்து ஆயிரத்தில் ஒன்றுக்குப் போக இன்னும் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 10.5 கோடி. இப்போது ராராக் 25 சதவீதம். வர்த்தகப் பிரிவு இன்னும் முன்னால்தான் இருக்கிறது, ஆனால் இடைவெளி ஐந்து புள்ளிதான். சந்தைச் சரிவுகள் பாடப்புத்தக வளைவைவிட ஆழமாகப் பாயும் என்பதையும் சேர்த்தால் அந்த ஐந்தும் கரைந்துபோகலாம்.

டீலர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். நஷ்டம் வந்தால் நாங்கள் ஆண்டு முழுதும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போமா, விற்றுவிட்டு வெளியேற மாட்டோமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்று மாதத்துக்குள் எல்லாவற்றையும் விற்றுவிட முடியும் என்றால் தேவைப்படும் மூலதனம் பாதியாகிறது, ராராக் 49 சதவீதத்தைத் தொடுகிறது. ஆகவே, விற்க எத்தனை நாளாகும் என்ற ஒரே அனுமானம் விடையை இரட்டிப்பாக்குகிறது. அமெரிக்க அரசுப் பத்திரத்துக்கோ டாலர்–யென்னுக்கோ டீலர் சொல்வது பெரும்பாலும் உண்மை. வாங்க ஆளில்லாத சரக்குக்கு அதே அனுமானத்தைப் போட்டால் என்ன நடக்கும் என்பதை சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கி 2007இல் அனுபவித்தது.

அமெரிக்க வீட்டுக் கடன்களைக் குவித்து, அடுக்கடுக்காகப் பிரித்து, இழப்பு கடைசியாக வந்து சேரும் உச்சி அடுக்கை அந்த வங்கியின் வர்த்தகப் பிரிவு கையில் வைத்திருந்தது. தரமதிப்பீடு உச்சத்தில் இருந்தது. முந்தைய ஆண்டுகளில் விலை அசையவே இல்லை. இழப்பின் முதல் சில சதவீதத்துக்கு வெளியே காப்பு வாங்கிவிட்டு, ஆபத்து முழுதும் மூடப்பட்டதாகப் பதிவு செய்தார்கள். நாள் கணக்கு அளவுகோல் அதைக் கிட்டத்தட்டப் பூஜ்யமாகக் காட்டியது. வகுக்கும் எண் பூஜ்யத்தை நெருங்கினால் மிகச் சிறிய வட்டி வித்தியாசம்கூட அபாரமான வருவாயாகத் தெரியும். மலிவான விலையில் பணமும் வங்கிக்குள்ளிருந்தே கிடைத்தது. எளிதில் விற்க முடியாத சரக்கு என்பதற்காகக் கூடுதல் வட்டி எதுவும் கேட்கப்படவில்லை. அமெரிக்க வீட்டுக் கடன் சந்தையில் அந்த ஆண்டு மட்டும் யூபிஎஸ் இழந்தது சுமார் 1,870 கோடி டாலர். உள்ளடக்கத்தில் அது கடன். வர்த்தகப் பிரிவின் மேசையில் இருந்ததால் வர்த்தகத்தின் அளவுகோலைப் பெற்றது.

இப்படிப்பட்ட சரக்கை முன்கூட்டியே அடையாளம் காணத் தடயங்கள் உண்டு. வாங்கிய நாள் முதல் இலாபம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தால், அது விலையாட்டத்தில் சம்பாதித்ததாக இருக்காது. வட்டி வித்தியாசமாகவே இருக்கும். ராராக் நூறைத் தாண்டும்போது பெரும்பாலும் மேலே உள்ள இலாபம் பெரிதாக இருக்காது, கீழே உள்ள மூலதனம்தான் சிறியதாக இருக்கும். எல்லாவற்றையும்விட நம்பகமானது சரக்கின் வயது. பத்து நாளில் விற்றுவிடலாம் என்ற கணக்கில் மூலதனம் ஒதுக்கப்பட்ட பத்திரம் 90 நாள் கழித்தும் அதே மேசையில் கிடந்தால், அதைக் கடன் பிரிவின் அளவுகோலுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டுப்பாட்டாளர்களும் 2009இல் ஏறத்தாழ அந்த இடத்துக்கே வந்தார்கள். வர்த்தகப் புத்தகத்தில் இருக்கும் பத்திரங்கள் கைவிட்டுப் போகும் ஆபத்துக்கும், தரமதிப்பீடு இறங்கும் ஆபத்துக்கும் ஓர் ஆண்டு, 99.9 சதவீதம் என்ற கடன் அளவுகோலில் தனி மூலதனம் வைக்க வேண்டும் என்று பாசெல் குழு விதித்தது. அடுக்கடுக்காகப் பிரித்த கடன் பத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வங்கிகள் தங்கள் சொந்தக் கணிப்பைப் பயன்படுத்தும் சலுகையும் நீக்கப்பட்டது. அவை வர்த்தகப் பிரிவில் இருந்தாலும் கடன் பிரிவுக்கான மூலதன விகிதமே பொருந்தும் என்றாயிற்று.