இரவல் குட்டியானையும் இரண்டு பிரதிப் பட்டியலும்

ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெறுகிறவருக்கு வயது பெரும்பாலும் நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. பத்தொன்பது, இருபது வயதில் சேர்ந்தவர் பொதுவாக 24 வருடம், நீட்டிப்பு கிடைத்தால் 26 வருடம் பணியாற்றிவிட்டு ஊருக்கு வருகிறார். மூத்த பிள்ளை அப்போதுதான் கல்லூரிக்குப் போகத் தொடங்கியிருக்கும். பென்ஷன் குடும்பத்தைத் தாங்கும். ஆனால் கல்லூரிக் கட்டணத்தையும் கல்யாணச் செலவையும் சேர்த்துத் தாங்காது. தெரிந்தவர்கள் சொல்லும் முதல் வேலை ஏடிஎம் காவல் அல்லது அடுக்குமாடி வாசலில் செக்யூரிட்டி. ராணுவத்தில் கற்றதில் பாதிகூட அங்கே தேவைப்படாது. எனக்கு எப்போதும் மனம் வலிப்பது இந்த இடத்தில்தான்.

அதனால் ஒரு ஹவில்தாரை வைத்து ஒரு கதை சொல்கிறேன். ஆள் கற்பனை, அவருடைய வரவு செலவும் கதைக்காகப் போட்ட கணக்கு. அவரைச் சுற்றியுள்ள ஊரும் சட்டமும் தொழிலும் உண்மை.

வேலூருக்குத் தெற்கே கம்மவான்பேட்டை என்ற ஊர் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவராவது படையில் சேர்ந்த ஊர். ராணுவப்பேட்டை என்றே அதைச் சொல்வார்கள். நம் ஹவில்தார் அந்தப் பக்கத்துக்காரர். ஆர்மி சர்வீஸ் கோர் எனப்படும் தளவாடப் பிரிவில் வண்டி ஓட்டியவர். ஓய்வு பெற்று வந்த சில வாரங்களில் சத்துவாச்சாரியில் இருந்த உறவினர் வீடு மாறினார். ஒத்தாசைக்குப் போன இடத்தில் ஹவில்தார் பார்த்தது சண்டைதான். போனில் பேசிய தொகை ஒன்று, சாமான் ஏறியபின் கேட்ட தொகை வேறு. பீரோவில் கீறல் விழுந்திருந்தது. "அது முன்னாடியே இருந்துச்சு சார்" என்றார் சுமை இறக்கியவர். "இல்லவே இல்லை" என்றார் வீட்டுக்காரம்மா. யார் சொல்வது சரி என்று தீர்க்க யாரிடமும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அவருக்கு இது விசித்திரமாக இருந்தது. காரணம், ராணுவக் குடும்பம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு மாறும். சாமான்கள் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் ஏறும். பெட்டியின் மேல் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். குடும்பக் குவார்ட்டர்ஸில் குடியேறும் நாளில் மின்விசிறி எத்தனை, குழாய் எத்தனை, எந்த ஜன்னல் கண்ணாடி விரிசல் என்று பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்கு மார்ச்சிங் இன் என்று பெயர். காலி செய்யும்போது மார்ச்சிங் அவுட். அப்போது அதே பட்டியலை வைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார்கள். புதிதாக உடைந்ததற்குக் குடியிருந்தவர் பணம் கட்ட வேண்டும். ஏற்கெனவே உடைந்திருந்ததை முதல் நாள் எழுதி வைக்காவிட்டால் அதற்கும் அவரே கட்ட நேரிடும். பொருளைப் பெறும்போதே அதன் குறையையும் எழுதி வாங்கும் இந்தப் பழக்கத்தை அவர் வேலூர் வீதிக்குக் கொண்டுவந்தார். ராணுவ ஒழுங்கு என்றால் விடியலில் எழுந்து ஓடுவதைத்தான் நாம் நினைக்கிறோம். காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தது இந்தப் பட்டியலுக்கு.

வண்டி அவருடையதல்ல. மச்சினன் ஒரு குட்டியானை வைத்திருந்தார். விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி இறக்கிவிட்டுப் பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் நிறுத்தினால், மறுநாள் வரை அது நகராது.

"நீங்க எடுத்துக்கோங்க மாமா, வாடகையெல்லாம் எதுக்கு?"

"வாடகை வாங்கலேன்னா நான் வண்டியைத் தொட மாட்டேன் மாப்ள."

ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் என்று முடிவாயிற்று. வண்டிக்குள் ஒரு நோட்டு வைத்தார். எடுக்கும்போது கிலோமீட்டர், டீசல் முள், டயர், ஆயில், தண்ணீர், விளக்கு. திருப்பி விடும்போது மறுபடி அதே வரிசை. படையில் தினமும் காலையில் வண்டிக்குச் செய்யும் முதல் பரேடு இதுதான். மூன்றாம் வாரத்தில் ரேடியேட்டர் கசிவு அந்த நோட்டில்தான் தெரிந்தது, இரண்டு நாளாகத் தண்ணீர் குறைவு என்று அவர் எழுதியிருந்ததால். இரவல் வண்டியால் உறவு கெடுவது பெரும்பாலும் "உன் கையில்தான் கெட்டது" என்ற பேச்சில்தான். அந்தப் பேச்சுக்கு இடமே வரவில்லை.

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிட்டார். குட்டியானையின் மொத்த எடை, சரக்கையும் சேர்த்து, 3,000 கிலோவுக்கு உட்பட்டது. அப்படிப்பட்ட சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் பெர்மிட் தேவையில்லை. ஆனால் மஞ்சள் போர்டு, எஃப்.சி., சரக்கு வண்டிக்கான இன்சூரன்ஸ் மூன்றும் நடப்பில் இருக்க வேண்டும். நண்பரின் வெள்ளை போர்டு வேனை வாங்கி வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். ஓட்டுநர் உரிமத்தில் சிக்கலில்லை. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள போக்குவரத்து வண்டியை ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. சிக்கல் வந்தது, "நாங்களும் பின்னாடி சாமானோட ஏறிக்கறோம்" என்ற குடும்பங்களால். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிவரும் பயணிகளுக்குக் காப்பீடு கிடையாது. "தனியா ஆட்டோவில் வாங்கம்மா" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிடுவார். அதனால் ஒரு வேலை கைவிட்டுப் போனது. அவர் மாறவில்லை.

ஒரு நாள் வேலையை அருகிலிருந்து பார்ப்போம். சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடி, ஒரு படுக்கையறை வீடு. போக வேண்டியது காட்பாடி. அவர் போனில் தொகை சொல்வதில்லை. இரண்டு நாள் முன்பே நேரில் போய் லிப்ட் உண்டா, படியின் திருப்பத்தில் பீரோ திரும்புமா, புது வீட்டுத் தெருவில் வண்டி நுழையுமா என்று பார்க்கிறார். குட்டியானையின் தளம் சுமார் ஏழு அடி நீளம், ஐந்தடி அகலம். சுமை முக்கால் டன். ஐந்தரையடி உயரம் அடுக்கினால் ஏறத்தாழ இருநூறு கன அடிதான். இந்த வீட்டுக்கு இரண்டு நடை வேண்டும் என்று அங்கேயே சொல்லி, 5,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்பதில்லை.

பிறகு பட்டியல், கார்பன் வைத்து இரண்டு பிரதி. "பிரிட்ஜ், இடது கதவுக் கீழ்மூலையில் பள்ளம். பீரோ, பூட்டு இறுக்கம். டிவி, ஓடுகிறது, ஓட்டிப் பார்த்தோம்." வீட்டுக்காரர் ஒன்றில், இவர் ஒன்றில் கையெழுத்து. அட்டைப்பெட்டிகளின் பக்கவாட்டில் எண். மேலே எழுதினால் அடுக்கியபின் தெரியாது. புத்தகங்கள் சின்னப் பெட்டியில்தான் போகும். பெரிய பெட்டியில் போட்டால் தூக்கும்போது அடி பிய்ந்துவிடும். பீரோவின் கதவு திறந்துகொள்ளாமல் கயிறு கட்டி கேபினை ஒட்டி நிறுத்துகிறார்கள். பிரிட்ஜை நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். படுக்க வைத்தால் கம்ப்ரசரில் இருக்கும் ஆயில் குழாய்களுக்குள் ஓடிவிடும். அப்படி நேர்ந்துவிட்டால் நிமிர்த்திப் பல மணி நேரம் விட்டபிறகே சுவிட்சைப் போடலாம். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் டிரம்மைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகள் வரும். முக்கால்வாசி வீடுகளில் அவற்றை வாங்கிய அன்றே தூக்கிப் போட்டிருப்பார்கள். அதற்காகத்தான் முன்கூட்டியே வந்து கேட்கிறார். இல்லையென்றால் கம்பெனி மெக்கானிக்கிடம் சொல்லி வைக்க இரண்டு நாள் அவகாசம் இருக்கும். கடைசியாக ஏறுவது ஒரு சின்னப் பெட்டி. பால் பாத்திரம், சாமி படம், விளக்கு, தீப்பெட்டி, சர்க்கரை. கடைசியில் ஏறியதுதான் முதலில் இறங்கும். புது வீட்டில் பால் காய்ச்ச யாரும் மூட்டைகளைக் கிளற வேண்டாம்.

தவறும் நடந்தது. வேறொரு வீட்டில் டிரஸ்ஸிங் டேபிள் கண்ணாடியை மெத்தை மேல் படுக்க வைத்து ஏற்றினார்கள். மெத்தைதானே, மிருதுவாக இருக்கும் என்ற நினைப்பு. வேகத்தடையில் மேலே இருந்த பெட்டி அழுத்தி, கண்ணாடி குறுக்கே விரிந்துவிட்டது. கண்ணாடியை எப்போதும் இரண்டு மெத்தைகளுக்கு நடுவே செங்குத்தாக நிறுத்த வேண்டும். தட்டையாகக் கிடந்தால் நடுப்பகுதி வளைந்து உடையும். பட்டியலில் "குறை இல்லை" என்று அவர் கையாலேயே எழுதியிருந்தார். பேச்சே இல்லாமல் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். அந்தக் குடும்பம் அதே தெருவில் மூன்று வீடுகளுக்கு அவர் நம்பரைக் கொடுத்தது. ஆனால் அன்று உதவியாளர்களை அவர் படையில் திட்டுவது போல நடுத்தெருவில் திட்டினார். மறுநாள் இருவரும் வரவில்லை. சம்பளம் வாங்கும் ஆளைச் சிப்பாயாக நடத்த முடியாது என்பதை அவர் அன்று கற்றுக்கொண்டார். அதன்பின் திருத்த வேண்டியதை எல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து பேசினார்.

இனி பணம். அந்த 5,000 ரூபாயில் வண்டி வாடகை 1,000, டீசல் 400, இரண்டு ஆட்களுக்கு 1,600, அட்டைப்பெட்டி, டேப், நெளி அட்டை எல்லாம் 500. மிச்சம் 1,500. அதில் 200 உடைசல் கணக்குக்கு ஒதுக்கினால் கையில் 1,300.

மாதம் எட்டு வேலை என்றால் 10,400 ரூபாய். எல்லா மாதமும் எட்டு வராது. ஆடியில் நம் ஊரில் யாரும் வீடு மாறுவதில்லை, மார்கழியிலும் இல்லை. தையிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளில் நான்கு பேர் கேட்பார்கள். சித்திரையில் பள்ளி விடுமுறை வந்தால் இடமாற்றல் குடும்பங்கள் கூடும். செவ்வாய்க்கிழமை சும்மா கிடக்க வேண்டியதுதான்.

முதல் ஆறு மாதத்திலேயே எல்லோரும் சொன்னார்கள், சொந்த வண்டி எடு என்று. கடனுக்கு வழியும் இருந்தது. முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை வங்கிக் கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம் என்று 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தை 2024 சுதந்திர தின உரையில் தமிழக முதல்வர் அறிவித்திருந்தார். ஹவில்தார் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொண்டு வந்து, நோட்டை எடுத்து உட்கார்ந்தார். தவணை மாதம் 12,000 என்று வைத்தார். இன்சூரன்ஸ், எஃப்.சி., ரிப்பேர் எல்லாம் மாதத்துக்கு 3,000. ஆக 15,000. இரவல் வண்டிக்கு வேலைக்கு ஆயிரம்தான். வேலை இல்லாத நாளில் வாடகையும் இல்லை. அப்படியானால் மாதம் பதினைந்து வேலைக்கு மேல் போனால்தான் சொந்த வண்டி கட்டும். தவணையோ ஆடியிலும் வரும்.

வருடக் கடைசியில் நோட்டைக் கூட்டிப் பார்த்தார். தையில் பதினாறு வேலை, ஆடியில் ஒன்று, சராசரி ஒன்பது. கடன் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டு, நல்ல தார்ப்பாய் ஒன்றும், படியேறும் கைவண்டி ஒன்றும், நான்கு கட்டுப்பட்டைகளும் வாங்கினார். மச்சினனிடம் மட்டும் புதிதாக ஒன்று கேட்டார்: தை, ஆவணி முகூர்த்த நாட்களில் மார்க்கெட் நடையை ஒரு மணி நேரம் முன்னதாக முடித்துவிட்டு, ஒன்பது மணிக்கே வண்டியைத் தர முடியுமா என்று.