செய்து காட்டிய அளவுக்கு மேல் ஓர் அடி

நிதி கேட்டு வரும் திட்ட முன்மொழிவைக் கையில் எடுக்கும் மதிப்பீட்டாளருக்கு இரண்டு கேள்விகள். இந்த வேலை நடக்கக்கூடியதா? இவர்களால் இதை நடத்த முடியுமா? இரண்டுக்கும் சான்று, விண்ணப்பிப்பவர் இதற்கு முன் செய்த வேலைதான். அதைச் சொல்லும் இடத்தில்தான் பல நல்ல விண்ணப்பங்கள் சறுக்குகின்றன. சிலர் பழைய வேலைகளைப் பட்டியலாக அடுக்கிவிட்டு, அவற்றுக்கும் புதிய திட்டத்துக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் செய்ததை ஒரு சுற்றுப் பெருக்கிச் சொல்லிவிடுகிறார்கள்.

ஓலைச்சுவடி மின்னாக்கத்தை வைத்து இதைப் பார்க்கலாம். அழியும் நிலையில் உள்ள ஆவணங்களைப் படமெடுத்துக் காக்க, பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் ஒரு நிதித் திட்டத்தை நடத்தி வருகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழக ஆவணங்களுக்காக அதில் நிதி பெற்றிருக்கிறது. அந்தத் திட்டத்தில் முன்னோடிப் பணிக்கு ஒரு நிதி, பெரிய பணிக்கு வேறு நிதி. முன்னோடிப் பணியில் ஆவணங்கள் எங்கே இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, உரிமையாளர்கள் ஒத்துழைப்பார்களா என்பதெல்லாம் தெரிந்துவிடும். அதை ஆதாரமாகக் காட்டிப் பெரிய நிதியைக் கேட்கலாம்.

இனி ஓர் உதாரணம். கணக்கு புரிவதற்காக நான் அமைத்துக்கொண்டது. ஒரு குழு முன்னோடிப் பணியில் ஒரே கேமராவை வைத்து 60 வேலை நாளில் 120 சுவடிக் கட்டுகளைப் படமெடுத்து முடித்தது. கட்டுக்குச் சராசரியாக 90 ஏடு. இரு பக்கமும் எடுத்தால் கட்டுக்கு 180 படம், மொத்தம் 21,600. இப்போது 1,500 கட்டுகளைப் படமெடுக்க இரண்டு ஆண்டுக்கு நிதி கேட்கிறார்கள்.

முன்மொழிவின் முதல் வரைவில் இப்படி எழுதினார்கள்: “எங்கள் குழு ஓலைச்சுவடி மின்னாக்கத்தில் நிரூபிக்கப்பட்ட அனுபவம் கொண்டது. நாளொன்றுக்கு 360 படங்கள் எடுக்கும் திறன் எங்களுக்கு உண்டு.” 21,600-ஐ 60-ஆல் வகுத்தால் 360 வருகிறது, அதில் பொய்யில்லை. 1,500 கட்டுக்கு 2,70,000 படம். இந்த வேகத்தில் ஒரு கேமராவுக்கு 750 நாள். மாதம் 20 வேலை நாள் என்று வைத்தால், இரண்டு கேமராக்களுக்கு இரண்டு ஆண்டில் 960 நாள் கிடைக்கும். தாராளமாக முடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

ஆனால் அவர்களின் தினசரிப் பதிவேட்டைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. 120 கட்டில் 100 கட்டு நன்றாகப் பராமரிக்கப்பட்டவை. அவை 40 நாளில், அதாவது நாளுக்கு 450 படம் என்ற வேகத்தில் முடிந்தன. மீதி 20 கட்டு பூச்சி அரித்தும் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டியும் கிடந்தவை. ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூசு நீக்கி, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவி, எழுத்து தெரிய மை ஏற்றிய பிறகுதான் கேமராவுக்கு அடியில் வைக்க முடிந்தது. இந்த 20 கட்டுக்கு மட்டும் 20 நாள். நாளுக்கு 180 படம்தான்.

புதிய தொகுப்போ வீடுகளின் பரணிலும் மடத்து அறைகளிலும் கிடப்பது. பாதிக் கட்டுகள் சிதைந்தவை என்று குழுவே நேரில் பார்த்துக் குறித்திருக்கிறது. அப்படியானால் 750 கட்டுக்கு 300 நாள், மற்ற 750-க்கு 750 நாள், ஆகமொத்தம் 1,050. கையில் இருப்பது 960. முன்னோடிப் பணியில் நல்ல கட்டுகளே அதிகம் என்பதால் சராசரி உயர்ந்து நின்றது. அதே சராசரியைச் சிதைந்த தொகுப்புக்கும் பொருத்தியதில்தான் மிகை நுழைந்தது. மிகை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: எண் சரியாக இருக்கும், அது எந்த நிலையில் கிடைத்தது என்பது மட்டும் விடுபட்டிருக்கும்.

திருத்திய வரைவு இப்படி வந்தது: “முன்னோடிப் பணியில் நல்ல நிலையில் இருந்த 100 கட்டுகளை நாளுக்கு 450 படம் வீதமும், சிதைந்த 20 கட்டுகளை நாளுக்கு 180 படம் வீதமும் எடுத்தோம். புதிய தொகுப்பில் பாதி சிதைந்தவை என்பதால் 1,200 கட்டுகளையே இலக்காக வைக்கிறோம். 20 கட்டுகளை மட்டுமே கொண்டு கிடைத்த வேகம் மாறக்கூடும் என்பதால் கூடுதல் நாட்களை ஒதுக்கியிருக்கிறோம்.” 1,200 கட்டுக்கு 840 நாள் போக, 120 நாள் மிஞ்சுகிறது. இலக்கு குறைந்திருந்தாலும் இந்த விண்ணப்பம்தான் வலுவானது. ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது, எதுவரை செல்லும் என்பதை மதிப்பீட்டாளர் தானே சரிபார்த்துக்கொள்ளலாம்.

வேகத்துக்குச் செய்ததையே மற்றத் திறமைகளுக்கும் செய்ய வேண்டும். படமெடுத்ததற்கு முன்னோடி அறிக்கை சான்று. சுவடிகளின் உள்ளடக்கத்தைப் படித்து அட்டவணை தயாரிப்பதற்கு அது சான்றாகாது. அந்த வேலையைக் குழுவில் யார் முன்பு செய்திருக்கிறார் என்று தனியே காட்ட வேண்டும். இல்லையென்றால் அதற்குத் தெரிந்தவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேறொரு நிறுவனம் இதே முறையில் வெற்றி கண்டிருந்தால் தாராளமாக மேற்கோள் காட்டலாம். அது இந்த முறை நடக்கும் என்பதற்குச் சான்று, இந்தக் குழுவால் நடக்கும் என்பதற்கு அல்ல. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்தால், அடுத்தவர் சாதனை நம்முடையது போலத் தோன்றிவிடும்.

கூட்டாக எழுதிய கட்டுரைகளிலும் இதே சிக்கல். எட்டுப் பேர் எழுதிய கட்டுரையை “எங்கள் ஆய்வு” என்று மட்டும் சொன்னால், விண்ணப்பிப்பவர் அதில் செய்தது என்ன என்று தெரியாது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் விண்ணப்பதாரரின் தன்விவரக் குறிப்பில், மேற்கோள் காட்டும் பணியில் அவருடைய பங்கு எது என்பதையும் எழுதச் சொல்கிறது. “களப்பணியும் படத் தரச் சோதனையும் என் பொறுப்பு” என்ற ஒரு வரி போதும். கட்டுரையின் நிலையையும் உள்ளபடி சொல்ல வேண்டும். இதழுக்கு அனுப்பியது வேறு, இதழ் ஏற்றுக்கொண்டது வேறு, அச்சில் வந்தது வேறு. அனுப்பியதை “வெளிவரவுள்ளது” என்று எழுதுவது, இன்னும் எடுக்கப்படாத முடிவை எடுத்ததாகச் சொல்வதாகும்.

பலன் வராத பழைய திட்டத்தை மறைக்கத் தோன்றுவது இயல்பு. அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அண்மை ஆண்டுகளில் தன்னிடம் நிதி பெற்றவர்கள் மீண்டும் விண்ணப்பித்தால், அந்த நிதியின் எண், தொகை, காலம், கிடைத்த முடிவுகள், வெளியான கட்டுரைகள் எல்லாவற்றையும் கேட்கிறது. கட்டுரை எதுவும் வரவில்லையென்றால், வரவில்லை என்றே எழுதச் சொல்கிறது. வராததற்குக் காரணமும் அதன்பின் மாற்றிக்கொண்ட வழியும் தெளிவாக இருந்தால், அந்த வரி விண்ணப்பத்தைக் கெடுப்பதில்லை. நமது சுவடிக் குழுவுக்கும் ஒட்டிய ஏடுகளோடு போராடிய அந்த 20 நாள்தான் மிகப் பயனுள்ள சான்றாக அமைந்தது.

அனுப்புவதற்கு முன் எளிதான ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய வேலையைச் சுட்டும் ஒவ்வொரு வாக்கியத்தையும், அது சுட்டும் அறிக்கை அல்லது கட்டுரையோடு சேர்த்து, திட்டத்தில் இல்லாத ஒருவரிடம் கொடுங்கள். வாக்கியம் சொல்வது அந்த மூலத்தில் இருக்கிறதா, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் காட்டட்டும். காட்ட முடியாத வாக்கியத்தைச் சுருக்குங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். நிதி கிடைத்துவிட்டால், முன்மொழிவில் எழுதிய இலக்கை வைத்துத்தான் உங்கள் வேலையை அளப்பார்கள். 1,500 என்று எழுதி நிதி வாங்கியவர், இரண்டாம் ஆண்டின் கடைசியில் அந்த 1,500-க்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.