எட்டு நாய்க்கு ஒரு வீடு

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களில் கணவனும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால், வீட்டு லேப்ரடார் பத்து மணி நேரம் தனியாகக் கிடக்கிறது. அந்த நாயைப் பகலில் பார்த்துக்கொள்ள ஒரு வீடு வேண்டும். நாய் வளர்த்த அனுபவமும் தனி வீடும் உள்ள ஒருவருக்கு இது தொழிலாகுமா? தாம்பரம் பக்கம் அப்படி ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது எத்தனை நாய் என்பதுதான். இங்கிலாந்தில் நாய்ப் பகல்நேரக் காப்பகங்களுக்கு 2018 முதல் உரிம விதிகள் உள்ளன. அங்கே ஒரு நாய்க்குக் குறைந்தது 6 சதுர மீட்டர், அதாவது சுமார் 65 சதுர அடி, ஒதுக்கச் சொல்கிறார்கள். நம் வீட்டில் முன்கூடமும் பக்கத்து அறையும் சேர்ந்து 550 சதுர அடி என்றால், எட்டு நாய்தான் எல்லை. ஒன்பதாவது நாய்க்காரர் எவ்வளவு கெஞ்சினாலும் மறுக்க வேண்டும். முன்கூடம் பெரிய நாய்களுக்கு, அறை சிறியவற்றுக்கு. விளையாட்டாகப் பாய்ந்தாலும் 30 கிலோ ஜெர்மன் ஷெப்பர்ட் 4 கிலோ பொமரேனியனின் எலும்பை முறித்துவிடும்.

வாசலுக்கு ஒரு கேட் போதாது. வெளிக்கேட்டைச் சாத்திய பிறகே உள்கேட் திறக்க வேண்டும். நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் யாரோ உள்ளே நுழையும் அந்த இரண்டு விநாடியில்தான்.

தரை ஏன் டைல்ஸாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் பார்வோ வைரஸ். குட்டிகளை வாந்தியும் ரத்தப்பேதியுமாகச் சாய்க்கும் இந்தக் கிருமி, மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீடு துடைக்கும் பினாயிலை நம்பி இருக்கக் கூடாது. தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் ப்ளீச் வேலை செய்யாது. மண் தோட்டத்தை இப்படிக் கழுவவே முடியாது. அதனால் தடுப்பூசிச் சீட்டில் ரேபிஸ் ஊசியும் பார்வோ, டிஸ்டெம்பர் அடங்கிய கூட்டு ஊசியும் காலாவதியாகாமல் இருந்தால் மட்டுமே நாய்க்கு அனுமதி. குட்டிகள் கடைசித் தவணை போட்டு இரண்டு வாரம் கழித்து வரட்டும்.

புது நாயை நேராகக் கூட்டத்துக்குள் விடுவது பெரிய தவறு. முதல் நாள் அரை நாள் போதும். சாதுவான ஒரு நாயோடு மட்டும் பழக விட்டுப் பார்க்க வேண்டும். உடல் தளர்ந்து வால் பக்கவாட்டில் ஆடினால் நல்லது. வாயை மூடிக்கொண்டு, உடல் விறைத்து, இமைக்காமல் முறைத்தால் அடுத்தது கடிதான். குரைப்பதற்கு முன்பே இந்த விறைப்பு வந்துவிடும். சாப்பாட்டைத் தனித்தனி இடத்தில் வைத்து, மிச்சத் தட்டை உடனே எடுத்துவிட்டால் பாதிச் சண்டை குறையும். மீறி மூண்டால் நடுவில் கையை விடாமல், ஒரு பலகையைச் செருகியோ வாளித் தண்ணீரை ஊற்றியோ பிரிக்கலாம். பணியாளரைக் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அவர்களுக்கு முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டுவைப்பது முதலாளியின் பொறுப்பு.

ஆள் விஷயத்தில் இங்கிலாந்தின் அளவு பத்து நாய்க்கு ஒருவர். ஆனால் அந்த ஒருவர் கழிவறைக்குப் போனால், நாய்களைப் பார்க்க யாரும் இல்லை. எட்டு நாயே ஆனாலும் வீட்டுக்காரரோடு முழுநேரம் ஒருவர், மதியம் வரை இன்னொருவர் வேண்டும்.

இனி பணம். முழுநேர ஆளுக்கு 15,000 ரூபாய், அரைநாள் ஆளுக்கு 9,000, குளிர்சாதனத்தால் எகிறும் மின்கட்டணம் 6,000, துப்புரவுக்கும் தண்ணீருக்கும் 5,000, கால்நடை மருத்துவருக்கும் எதிர்பாராச் செலவுக்கும் 5,000 என்று வைத்தால் மாதம் 40,000 ஆகிறது. கட்டணம் நாளுக்கு 500, மாதம் 24 நாள் என்றால் ஒரு நாயால் வருவது 12,000. மூன்று நாய் வந்தால் நஷ்டம். நான்காவது வந்த பிறகுதான் 8,000 ரூபாய் மிஞ்சும். வீட்டு உரிமையாளரின் உழைப்புக்குக் கூலி என்று சொல்லத்தக்க தொகை ஆறு நாய் வரும்போதுதான் கிடைக்கும்: 32,000.

எட்டையும் நிரப்பிக் கணக்கெழுதி வங்கிக்குப் போவது இங்கே ஆபத்து. விடுமுறை வாரத்தில் நாய்கள் வராது. ஒரு நாய் இருமலோடு வந்து மற்றவற்றுக்கும் தொற்றினால் இரண்டு வாரம் கதவைச் சாத்த வேண்டியிருக்கும். சம்பளம் மட்டும் நிற்காது. ஆகவே கேட், வேலி, தரை வேலைகளுக்கு ஒதுக்கும் முதலீட்டோடு, இரண்டு மாதச் செலவான 80,000 ரூபாயைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டுதான் முதல் நாய்க்குக் கதவைத் திறக்க வேண்டும்.