மஞ்சள் சிவக்கும் வரை கை கழுவு

காலை வணக்கக் கூட்டத்தில் பேச வரும் செவிலியருக்குக் கிடைப்பது ஏழெட்டு நிமிடம்தான். வெயில் ஏறிக்கொண்டிருக்கும், பின்வரிசையில் பிள்ளைகள் காலை மாற்றி மாற்றி நிற்பார்கள். ஆண்டுதோறும் அக்டோபர் 15 உலகக் கைகழுவும் தினத்தை ஒட்டி வரும் பேச்சுகளில் பல, கிருமிகளின் பெயர்ப்பட்டியலிலேயே அந்த நேரத்தைத் தின்றுவிடுகின்றன. ஈரோட்டுப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் பேசிய கிராம சுகாதாரச் செவிலியர் பட்டியல் எதையும் கொண்டுவரவில்லை. ஒரு கிண்ணம் மஞ்சள்தூள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், ஒரு சோப்புக் கட்டி, ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான்.

ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனை முன்னே அழைத்தார். “கையை நீட்டு கண்ணு” என்று எண்ணெயில் குழைத்த மஞ்சளை இரண்டு கைகளிலும் முன்னும் பின்னும் பூசினார். “இதுதான் அழுக்குன்னு வெச்சுக்கோ. இப்ப வெறும் தண்ணியில கழுவு.” பையன் கழுவினான். மஞ்சள் அப்படியே இருந்தது. எண்ணெய்ப் பசையில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்தோடியது. நம் தோலிலும் இயல்பாகவே எண்ணெய் சுரக்கிறது. அழுக்கும் கிருமியும் அந்தப் பசையில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து சோப்பைக் கொடுத்தார். அவன் வழக்கம்போல உள்ளங்கைகளை நாலு தேய் தேய்த்தான். தேய்த்த இடம் செக்கச்செவேல் என்று சிவந்தது. குழம்பு சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்புப் போட்டால் கறை சிவக்குமே, அதே வேதியியல்தான். கட்டிச் சோப்பு காரத்தன்மை உள்ளது, மஞ்சளில் உள்ள நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும். (நடுநிலையான திரவக் கைச்சோப்பில் இது சரியாக வராது, செய்துபார்க்க நினைக்கும் ஆசிரியர்கள் கட்டிச் சோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.)

“கையைத் தூக்கிக் காட்டு சாமி” என்றார். உள்ளங்கை சிவப்பு. கட்டைவிரல், விரலிடுக்கு, நகநுனி, புறங்கை எல்லாம் மஞ்சள். கூட்டம் சிரித்தது. எந்தெந்த இடத்தில் சோப்பே படவில்லை என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சோற்றைப் பிசையும் விரல்நுனிதான் அதிகம் விட்டுப்போயிருந்தது. பிறகு நகநுனியை மறு உள்ளங்கையில் வைத்துச் சுரண்டி, கட்டைவிரலைத் தனியாகப் பிடித்துத் திருகி, இடுக்குகளைக் கோத்துத் தேய்க்கச் சொன்னார். இப்படித் தேய்க்க 20 விநாடியாவது வேண்டும். கூட்டத்தில் அன்றாடம் குறள் சொல்கிற பிள்ளைகளுக்கு அவர் தந்த கணக்கு, நிதானமாக மூன்று குறள்.

சோப்பு என்றால் கிருமியைக் கொல்லும் மருந்து என்று விளம்பரங்கள் நம்மை நம்பவைத்திருக்கின்றன. சோப்பின் முதன்மை வேலை கொல்வது அல்ல, கழற்றிவிடுவது. அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பசையும் கிருமியும் சேர்ந்து தண்ணீரோடு போய்விடும். பாகிஸ்தானின் கராச்சி நகரக் குடியிருப்புகளில் நடந்து, 2005இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், சோப்பும் கைகழுவும் பழக்கமும் சேர்ந்த வீடுகளில் 15 வயதுக்கு உட்பட்டவர்களின் வயிற்றுப்போக்கு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. கிருமிநாசினி கலந்த விலைகூடிய சோப்பும் சாதாரண சோப்பும் ஒரே அளவு பலனைத்தான் தந்தன.

“ஏனுங்க நர்ஸம்மா, சானிடைசர் போட்டாப் பத்தாதா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். மண்ணும் பிசுக்கும் உள்ள கையில் அது சரியாக வேலை செய்யாது, குடற்புழு முட்டைகளை அழிக்கவும் செய்யாது என்றார் செவிலியர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பள்ளியில் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிற புழுவைக் கொல்லும். அடுத்த வாரம் நகத்திடுக்கில் வந்து சேரும் முட்டையை அது தடுக்காது.

பேச்சின் இரண்டாம் பாதி தண்ணீர். மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் எப்படிச் சுத்தமாகிறது என்பதைச் சுருக்கமாகவே சொன்னார். ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 4 கிராம் பிளீச்சிங் பவுடர். பத்தாயிரம் லிட்டர் தொட்டி என்றால் 40 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரைத் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டபிறகே குழாய் திறக்க வேண்டும். மூட்டையைத் திறந்தே போட்டிருந்தால் பவுடர் வீரியம் இழந்துவிடும். அளவு சரியாக இருந்தும் பலன் இருக்காது. குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும்.

“தண்ணியில மருந்து நாத்தம் அடிக்குதுன்னு கொட்டிடாதீங்க. லேசா வாசம் வந்தா டேங்க் ஆபரேட்டர் வேலை பார்த்திருக்கார்னு அர்த்தம்.”

அதன்பின் சொன்னதுதான் முக்கியமானது. குழாய் வரை நல்லதாக வந்த தண்ணீர், வீட்டுக் குடத்தில்தான் பெரும்பாலும் கெடுகிறது. டம்ளரை உள்ளே விட்டு மொள்ளும்போது விரல்நுனி தண்ணீரில் படுகிறது. மஞ்சள் சிவக்காத அதே விரல்நுனி. மிஞ்சியிருக்கும் குளோரின் சிறிது நேரம் காவல் காக்கும், நேரம் போகப்போகக் கரைந்துவிடும். காய்ச்சிய தண்ணீருக்கு அந்தக் காவலும் கிடையாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் நோய்க்கிருமிகள் சாகும், உண்மை. ஆனால் ஆறிய பிறகு ஒரு கை பட்டால் தடுக்க அதில் எதுவும் இல்லை. கேன் தண்ணீர், வடிகட்டித் தண்ணீர் எதுவானாலும் பாத்திரத்தில் பிடித்துவைத்துக் கைவிட்டு மொண்டால் கதை இதேதான். ஆகவே மூடிபோட்ட குடம், நீண்ட காம்புள்ள மொள்ளுகரண்டி, இல்லாவிட்டால் குடத்தைச் சாய்த்து ஊற்றுவது. கைக்கு ஒரு பாடம், தண்ணீருக்கு ஒரு பாடம் என்று பிரிக்காமல் இரண்டையும் விரல்நுனியில் கொண்டுவந்து கட்டியதுதான் இந்தப் பேச்சின் கெட்டிக்காரத்தனம்.

பேச்சு நன்றாக இருந்தது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் என்ன ஆகும்? நூறு பிள்ளைகள், நாலு குழாய் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 40 விநாடி குழாயடியில் நின்றால், ஒரு குழாய்க்கு 25 பேர் வீதம் 1,000 விநாடி, கிட்டத்தட்ட 17 நிமிடம். பசியோடு நிற்கும் குழந்தை அதுவரை காத்திருக்குமா? கையை நனைத்துக்கொண்டு விலகி, ஓரமாக நின்று சோப்புத் தேய்த்து, அலச மட்டும் திரும்பி வந்தால் ஒருவருக்குக் குழாய் தேவைப்படுவது 15 விநாடிதான். வரிசை ஆறேழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சோப்பும் காணாமல் போகிற பொருள். வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடலாம். வங்கதேசத்தில் சோதித்துப் பார்த்த வழி இன்னும் மலிவு: ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 30 கிராம் துணி துவைக்கும் தூளைக் கரைத்து, மூடியில் துளை போட்டுவிட்டால் கைகழுவும் சோப்புத் தண்ணீர் தயார்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செவிலியரைப் பேச அழைக்கும் நாளுக்கு முன்பே குழாயடியில் சோப்பைக் கட்டிவிடுங்கள். சாப்பாட்டு மணியைப் பத்து நிமிடம் முன்னால் அடியுங்கள்.