பழைய தளத்தில் மாடித்தோட்டம்: ஆனைக்குட்டத்து வீட்டுக்காரருக்கு ஒரு பொறியாளரின் கடிதம்



ஞாயிற்றுக்கிழமை மாடியில் நின்றபோது நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செங்கல் கட்டி, ஓரடி உயரத்துக்குக் கரிசல் மண் கொட்டிப் பாத்தி போடுவதை உங்கள் தளம் தாங்காது. பைகளில் செடி வளர்க்கலாம். ஆனால் எந்த இடத்தில், எத்தனை பை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்று கணக்கில் எடுக்கச் சொல்கிறது ஐ.எஸ். 875 தரநிலை. நம் கணக்கில் சதுர அடிக்கு 14 கிலோ. தளத்தின் சொந்த எடை இதில் சேராது. உங்கள் தளம் 4 அங்குலம்; அதுவே சதுர அடிக்கு 24 கிலோ. அதன் மேல் 3 அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் சேர்ந்து இன்னொரு 17 கிலோ. 1986இல் வீடு கட்டிய கொத்தனார் இவ்வளவையும் எதிர்பார்த்துத்தான் கம்பி கட்டியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் இல்லாத வீட்டில் அதற்கு மேல் நம்பிக்கை வைக்க முடியாது.

நனைந்த கரிசல் மண் ஓரடி உயரத்துக்குச் சதுர அடிக்கு 50 கிலோ வரும். தளத்துக்கு அனுமதித்ததைப்போல மூன்றரை மடங்கு. காய்ந்த மண்ணை அள்ளும்போது இந்த எடை கைக்குத் தெரியாது. கரிசல் தண்ணீரைக் குடித்துவிட்டு விடாமல் பிடித்துக்கொள்ளும் மண்.

நான் கவலைப்பட்டது வேறொன்றுக்காக. வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று பழைய தட்டோட்டை எடுக்காமலே, அதன் மேல் கலவை போட்டு வெள்ளை ஓடு பதித்திருக்கிறீர்கள். அந்த 2 அங்குலம் சதுர அடிக்கு 10 கிலோ. இருந்த 14 கிலோவில் 10 போய்விட்டது, மீதி 4தான். பொறியியலில் பாதுகாப்புக்கு என்று கூடுதல் பலம் வைப்பது உண்மைதான். ஆனால் அது மணல் கூடிய கலவைக்கும் துருப்பிடித்த கம்பிக்கும் ஒதுக்கிய பங்கு. அதில் தோட்டம் போடக் கூடாது.

துரு ஏற்கெனவே வந்துவிட்டது. அடுக்களை மேல்தளத்தில் நேர்கோடாக ஒரு விரிசல் ஓடுகிறதே, அது கம்பி போகும் பாதை. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது கான்கிரீட்டை உள்ளிருந்து நெம்புகிறது. சுத்தியலால் தட்டியபோது மற்ற அறைகளில் கணீரென்ற சத்தம், அங்கே மட்டும் பொத்தென்று கேட்டது. மேலே பூசி மறைத்துவிடாதீர்கள். தளர்ந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டி, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொத்திய இடத்தில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பேன். இளஞ்சிவப்பு வந்தால் கான்கிரீட் இன்னும் கம்பியைக் காக்கிறது. நிறம் மாறாவிட்டால் அந்தக் காப்பு போய்விட்டது. அந்த வேலை முடியும்வரை அடுக்களைக்கு மேல் ஒரு தொட்டிகூட வேண்டாம்.

நடு அறை 10க்கு 14 அடி. தட்டிப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. அதன் பாரத்தில் பெரும்பங்கை 14 அடி நீளச் சுவர்கள் இரண்டும்தான் வாங்குகின்றன. ஒரு பையை அறையின் நட்டநடுவில் வைத்தால் தளத்தின் நடுவில் எவ்வளவு வளைவு விசை வருமோ, அதே பையைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்தால் ஏறத்தாழ அதில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். ஆகவே அந்த இரு சுவர்களை ஒட்டி, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, பக்கத்துக்கு 9 பைகள் வையுங்கள். தோட்டக்கலைத் துறை தரும் பை மாதிரியானதில் தென்னை நார்க்கழிவும் தொழுவுரமும் கொஞ்சம் மண்ணும் முக்கால்வாசி நிரப்பினால், நனைந்தபின் சுமார் 20 கிலோ. பதினெட்டுக்கும் சேர்த்து 360 கிலோ. நடுவில் நீங்களும் மதினியும் நடந்து தண்ணீர் ஊற்ற இடம் இருக்கும். அங்கே பந்தல் போட்டு ஆள் கூட்டக் கூடாது.

சன்ஷேடு மேல் தொட்டி வைக்கவே கூடாது. அதற்குக் கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி கீழே இறங்கிப்போவது சகஜம். தளம் தொய்ந்து எச்சரிக்கும். சன்ஷேடு சொல்லாமல் முறியும்.

மழைக்காலம்தான் உண்மையான சோதனை. மாடியில் தண்ணீர் 2 அங்குலம் நின்றாலே சதுர அடிக்கு 4 கிலோவுக்கு மேல். நம் மீதிக் கணக்கு அதிலேயே தீர்ந்தது. நார்த்தூளும் இலையும் வடிகுழாய் வாயை அடைத்துக்கொள்ளும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள், குழாய் வாயில் கம்பிவலை போடுங்கள்.

பை ஏற்றும் முன், நடு அறை மேல்தளத்துக்குக் கீழே சுவருக்குச் சுவர் நூல் கட்டி, நடுவில் இடைவெளி எவ்வளவு என்று சுவரில் தேதியோடு எழுதி வையுங்கள். சென்ட்ரிங் அன்றே தொய்ந்திருக்கலாம், அதனால் இன்றைய அளவை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து தை மாதம் அதே இடத்தில் மறுபடி அளந்து சொல்லுங்கள். அளவு மாறியிருந்தால் பைகளை இறக்கிவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.