வேன் கடந்து போகும் 18 வினாடி

ஞாயிற்றுக்கிழமை சொட்டு மருந்து முகாம். அதையொட்டி வந்த கடிதங்களில் பாதி ஒரே குறையைச் சொல்கின்றன: "மைக் வண்டி வந்தது, என்னவோ சொன்னது, என்னைக்குன்னுதான் புரியலை." மீதிக் கடிதங்கள் வார்டு உறுப்பினர்களும் சுய உதவிக் குழுப் பெண்களும் எழுதியவை. வண்டியில் என்ன சொல்வது என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் பதில் ஒன்றுதான். அது ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

குட்டியானை வண்டியில் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் சத்தம் ஊர்க்கோடி வரை கேட்கும். ஆனால் சொல் புரியும் தூரம் வேறு. வீட்டுக்குள் மிக்சியும் டிவியும் ஓடும் தெருவில், வண்டிக்கு முன்னும் பின்னும் 50 மீட்டர் புரிந்தால் பெரிது என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு வீட்டுக்காரருக்கு வண்டி 100 மீட்டர் கடக்கும் நேரம்தான் கிடைக்கிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் அது 18 வினாடி. 10 கிலோமீட்டராகக் குறைத்தால் 36 வினாடி. குழாய் முன்பக்கம் பார்த்து ஒன்று மட்டும் இருந்தால், வண்டி வாசலைத் தாண்டியதுமே சொல் மங்கிவிடும். கிடைத்ததில் பாதி போச்சு.

இப்போது வழக்கமான தொடக்கத்தைச் சொல்லிப் பாருங்கள்: "தமிழ்நாடு அரசு பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் சார்பில்..." இதற்கே ஏறக்குறைய ஐந்து வினாடி. 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 28 மீட்டர் போய்விட்டது, செய்தி இன்னும் தொடங்கவில்லை. முடிவில் "அனைவரும் பயன்பெறுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று இன்னும் மூன்று வினாடி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. வண்டி எந்த வீட்டையும் அறிவிப்பின் முதல் வரியோடு நெருங்குவதில்லை. கேட்பவர் காதில் அது நடுவிலிருந்துதான் விழுகிறது. பாதியில் பிடித்தவர் அடுத்த சுற்றை முழுதாகக் கேட்க வேண்டுமென்றால், அறிவிப்பின் நீளம் அவருக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. 18 வினாடி கிடைத்தால் ஒன்பது வினாடிக்குள் முடிய வேண்டும். அவ்வளவு சுருக்க முடியாதபோது இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான்: எந்த இடத்தில் வெட்டினாலும் பொருள் தரும்படி, ஒவ்வொரு துண்டும் தனியாக நிற்கும்படி எழுதுவது. "அங்கே", "மேற்படி", "அந்த முகாமில்" என்று முந்தைய வரியைச் சுட்டும் சொல் எதுவும் வேண்டாம். அப்படி எழுதிவிட்டால் எங்கிருந்து கேட்டாலும் ஒரு சுற்று போதும்.

உதாரணத்துக்கு இது:

"சொட்டு மருந்து முகாம். ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை. நம்ம ஊர் அங்கன்வாடியில். ஐந்து வயதுக்குள் எல்லாக் குழந்தைக்கும். போன தடவை கொடுத்திருந்தாலும் இப்பவும் கொடுங்க."

நிதானமாகச் சொன்னால், மூச்சு விடும் இடைவெளியும் சேர்த்து 12 வினாடி. 10 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒவ்வொரு வாசலுக்கும் குறைந்தது இரண்டு முழுச் சுற்று கேட்கும். கடைசி வரியை நீளத்துக்குப் பயந்து வெட்டிவிடாதீர்கள். "என் பிள்ளைக்குத்தான் எல்லாம் போட்டாச்சே" என்று வீட்டிலேயே இருந்துவிடுபவர்களுக்காகத்தான் அது இருக்கிறது.

"நாளை" என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை பதிவு செய்த பென் டிரைவ் ஞாயிறு காலையிலும் ஓடும். ஓட்டுநர் அதை மாற்ற மாட்டார், கேட்பவர் திங்களன்று வந்து நிற்பார். தேதி எண்ணும் வேண்டாம். குழாய் ஸ்பீக்கரில் "பதினொன்று", "பதினேழு" எல்லாம் ஒரே இரைச்சலாக விழும், கிழமைப் பெயர் நீளமாக இருப்பதால் தப்பிக்கும்.

"ஒலிபெருக்கி மூலம் அனைத்து கிராமங்களிலும் விழிப்புணர்வு ஏற்படுத்தப்பட்டது" என்று பின்னால் ஓர் அறிக்கை வரும். வண்டி ஓடிய கிலோமீட்டரைத்தான் அது குறிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் கேட்டதா என்று அறிய எளிய வழி உண்டு. வண்டி போனதும் அடுப்படியில் இருந்த ஒருவரிடம் என்றைக்கு, எங்கே, யாருக்கு என்று மூன்றே கேள்வி கேளுங்கள். இரண்டுக்குப் பதில் வராவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது முச்சந்தியில் வண்டியை நிறுத்தி இரண்டு முறை சொல்ல வேண்டும்.

மற்றக் கேள்விகள்:

அனுமதி வேண்டுமா? வேண்டும், எழுத்தில்.

எத்தனை மணி வரை? இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது.

பள்ளி, மருத்துவமனை பக்கம்? 100 மீட்டர் தூரத்துக்குள் அணைத்துவிடுங்கள்.

பின்னணியில் பாட்டு? வேண்டாம், சொல்லை அதுவே தின்றுவிடும்.

ஞாயிறு தவறிவிட்டால்? அடுத்த நாட்களில் வீடு தேடி வருவார்கள். குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.