அம்பத்தூரில் விட்டுவந்த பி.எஃப்.

கீதா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். 2011 முதல் இரண்டு ஆண்டுகள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. பிறகு கல்யாணம், குழந்தை. 2017இல் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சேர்ந்தார், இன்றும் அங்கேதான். புது பி.எஃப். கணக்கு ஓடுகிறது, பழையது நினைவிலேயே இல்லை.

அன்று அவருக்கு பி.எஃப். கணக்கிடப்பட்ட சம்பளம் 6,500 ரூபாய். அவர் பங்கு 780 ரூபாய். நிறுவனத்தின் பங்கில் ஓய்வூதியத்துக்கு ஒதுக்கியதுபோக சுமார் 239 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 24,500 ரூபாய் சேர்ந்திருக்கும். வேலையை விட்டதால் மட்டும் வட்டி நிற்காது. 2016இல் வந்த விதித் திருத்தம் அதை உறுதிசெய்தது.

தேடுவதில்தான் சிக்கல். யுஏஎன் என்ற 12 இலக்க எண் 2014இல்தான் வந்தது. அதற்கு முன்பே வேலையை விட்டவரின் கணக்கு எந்த யுஏஎன்னுடனும் சேராமல் தனியாகக் கிடக்கும். பழைய சம்பளச் சீட்டில் பி.எஃப். எண் இருக்கலாம். இல்லையென்றால், அங்கே உடன் வேலை பார்த்த யாரிடமாவது அவர் எண்ணைக் கேட்கலாம். கடைசியில் வரும் உறுப்பினர் எண்தான் ஆளுக்கு ஆள் மாறும், நிறுவனக் குறியீடு ஒன்றுதான். அந்தக் குறியீட்டோடும் வேலை பார்த்ததற்கான சான்றோடும் அந்த வட்டார பி.எஃப். அலுவலகத்தை அணுகலாம். நிறுவனத்தையே மூடிவிட்டிருந்தாலும் வழி இதுதான்.

எண் கிடைத்ததும் உறுப்பினர் இணையதளத்தில் `One Member – One EPF Account` பகுதிக்குப் போய், மாற்றல் கோரிக்கையை இப்போதைய நிறுவனத்தின் வழியாக அனுப்பலாம்.

பெரும்பாலான கோரிக்கைகள் இடறுவது பெயரில். இனிஷியல் போடும் நம் வழக்கம் இங்கே தொல்லையாகிறது: பழைய கணக்கில் ‘எஸ். கீதா’, ஆதாரில் ‘கீதா செல்வம்’. கணினிக்கு இவர்கள் இரண்டு பேர். கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுத்துத் திருத்திய பிறகுதான் பணம் நகரும். பிறந்த தேதிக்கும் இதே கதை. வேலையை விட்ட தேதி பதிவாகாமல் இருப்பது இன்னொரு தடை. கணக்கு யுஏஎன்னில் சேர்ந்திருந்தால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து `Mark Exit` மூலம் உறுப்பினரே அதைப் பதியலாம்.

மாற்றல் முடிந்து பாஸ்புக்கைத் திறப்பவர்கள் ஓய்வூதியப் பத்தியைப் பார்த்துப் பதறுவதுண்டு. அங்கே பழைய கணக்கின் தொகை வராது. ஓய்வூதியத் திட்டத்தில் பணம் கைமாறுவதில்லை, பணிக்காலம்தான் சேர்கிறது. கீதாவுக்கு உண்மையான லாபம் அதில்தான். மாத ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி வேண்டும். அம்பத்தூரின் இரண்டும் திருப்பூரின் எட்டும் சேர்ந்தால் அது கிடைத்துவிடும். 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. ஆனால் அம்பத்தூரை விட்டதும் 10சி படிவம் கொடுத்து ஓய்வூதியப் பணத்தை எடுத்திருந்தால் அந்த இரண்டு ஆண்டுகள் கணக்கில் வராது.